அனுபவம் இல்லாத பட்டதாரி, நிறுவனத்தின் வேலைவாய்ப்பு முகவரிக்கு எழுத வேண்டிய மின்னஞ்சல்: ஒரு முழுமையான வழிகாட்டி

careers@ அல்லது jobs@ என்று தொடங்கும் முகவரிக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் பெரும்பாலும் இரண்டு பேர் படிக்கிறார்கள். முதலில் படிப்பவர் மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர். அந்தப் பெட்டிக்கு ஒரே நேரத்தில் பல பணிகளுக்கான விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கும். இது எந்தப் பணிக்கானது, கேட்ட படிப்பு இருக்கிறதா, கேட்ட நிபந்தனைகளுக்கு இவர் உடன்படுகிறாரா என்ற மூன்றையும் பார்த்து, மின்னஞ்சலை உரிய பிரிவுக்கு அனுப்புவதோ ஒதுக்குவதோ அவருடைய வேலை. இரண்டாவதாகப் படிப்பவர் அந்தப் பிரிவின் தலைவர். அவர் உங்கள் துறையை அறிந்தவர். இந்த ஆளிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் எப்படிச் செய்வார் என்பதே அவர் தேடும் விடை.

வேலை அனுபவம் உள்ளவருக்கு இந்த இரண்டாவது கேள்விக்கான விடையை அவருடைய பழைய பதவியின் பெயரே ஓரளவு சொல்லிவிடும். புதிய பட்டதாரிக்கு அந்த உதவி இல்லை. எனவே, மின்னஞ்சலின் முதல் பத்தியை முதலாமவருக்காகவும், இரண்டாம் பத்தியை இரண்டாமவருக்காகவும் எழுத வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. முதல் பத்தி தகவல். இரண்டாம் பத்தி சான்று. புதிய பட்டதாரிகள் எழுதும் மின்னஞ்சல்களில் பல, இந்த இரண்டும் இல்லாமல் ஆர்வத்தையும் உழைப்பையும் பற்றிய வாக்குறுதிகளாகவே நின்றுவிடுகின்றன.

இதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். வேதியியலில் இளநிலைப் பட்டம் முடித்த ஒருவர், கீழ்க்காணும் அறிவிப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பயிற்சியாளர். குறிப்பு எண் QC-07. தகுதி: வேதியியலில் இளநிலைப் பட்டம். பணி: தண்ணீர் மற்றும் மூலப்பொருள் மாதிரிகளைச் சோதித்தல், ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளவிடுதல், முடிவுகளைப் பதிவேட்டில் குறித்தல், வரம்பை மீறும் முடிவுகளை உடனே தெரிவித்தல். ஷிப்டு முறையில் பணியாற்றச் சம்மதம் வேண்டும். ஹெச்.பி.எல்.சி. கருவியைக் கையாளத் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது. தன்விவரக் குறிப்பைப் பி.டி.எஃப். வடிவில் அனுப்பவும், மின்னஞ்சலின் பொருள் வரியில் குறிப்பு எண்ணை எழுதவும்."

முதல் படி: அறிவிப்பை இரண்டாகப் பிரித்தல்

எழுதத் தொடங்கும் முன்பு, அறிவிப்பில் உள்ள ஒவ்வொரு சொற்றொடரையும் எடுத்து, அது முதல் வாசகருக்கு உரியதா இரண்டாம் வாசகருக்கு உரியதா என்று ஒரு தாளில் பிரித்து எழுதுங்கள். மேற்கண்ட அறிவிப்பில் குறிப்பு எண், பட்டம், ஷிப்டு சம்மதம், கோப்பின் வடிவம் ஆகியவை முதல் வாசகருக்கு உரியவை. இவற்றுக்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடலாம். ஆகவே, அவற்றுக்கு மின்னஞ்சலில் மூன்று நான்கு வாக்கியங்களுக்கு மேல் இடம் தர வேண்டியதில்லை. ஆனால், அவற்றில் ஒன்று விடுபட்டாலும் முதல் வாசகரின் கேள்வி விடையின்றி நின்றுவிடும்.

மாதிரிகளைச் சோதிப்பது, அளவிடுவது, பதிவேட்டில் குறிப்பது, வரம்பை மீறும் முடிவைத் தெரிவிப்பது ஆகியவை இரண்டாம் வாசகருக்கு உரியவை. இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தின் தலைவருக்கு மிகவும் கவலை தருவது எது? கருவியை இயக்கத் தெரியாத பயிற்சியாளரைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அதைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். தவறான அளவு வந்தபோது அதைக் கவனிக்காமல் விடுபவரும், கவனித்தும் சொல்லாமல் மறைப்பவரும்தாம் அவருக்கு உண்மையான ஆபத்து. அறிவிப்பின் "உடனே தெரிவித்தல்" என்ற சொற்கள் அந்தக் கவலையிலிருந்து வந்தவை. ஒவ்வொரு அறிவிப்பிலும் இப்படி ஒரு கவலை மறைந்திருக்கும். கணக்குப் பிரிவுக்கான அறிவிப்பில் அது பொருந்தாத தொகையாக இருக்கலாம். மென்பொருள் பிரிவுக்கான அறிவிப்பில் சோதிக்காமல் வெளியிடப்பட்ட நிரலாக இருக்கலாம். அதைக் கண்டுகொண்டால், உங்கள் படிப்புக் காலத்திலிருந்து எதை எடுத்துச் சொல்வது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தல்

நம் பட்டதாரி முதலில் எழுதிவைத்திருந்த வாக்கியம் இது: "இறுதியாண்டில் குடிநீரில் உள்ள இரும்பின் அளவு குறித்து ப்ராஜெக்ட் செய்துள்ளேன்." இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால், இதே வாக்கியத்தை அந்தக் குழுவில் எதுவுமே செய்யாமல் பெயரை மட்டும் கொடுத்தவரும் எழுத முடியும். வேலையைச் செய்தவரால் மட்டுமே எழுத முடிகிற விவரங்கள்தாம் சான்றாக நிற்கும். அவற்றை வெளியே கொண்டுவர ஐந்து கேள்விகள் போதும்: அந்த வேலையில் என் பங்கு எது? எந்த முறையில் செய்தேன்? எத்தனை? எங்கே தவறியது? தவறியதும் என்ன செய்தேன்?

அவர் தம் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தபோது கிடைத்த விடைகள் வருமாறு. குழுவில் மூவர், மாதிரி சேகரிப்பும் அறிக்கையும் மற்ற இருவருடையவை, அளவீடும் பதிவேடும் இவருடையவை. முறை, பினாந்த்ரோலினைச் சேர்த்து எழும் செம்மஞ்சள் நிறத்தை 510 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பது. மொத்தம் 18 மாதிரிகள், ஒவ்வொன்றும் மும்முறை. ஒருநாள், லிட்டருக்கு 2 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டிய சரிபார்ப்புக் கரைசல் 1.6 என்று காட்டியது. பினாந்த்ரோலின் இந்த நிறத்தைத் தருவது பெர்ரஸ் நிலையில் உள்ள இரும்போடு சேரும்போதுதான். பெர்ரிக் நிலையில் உள்ளதை ஹைட்ராக்சிலமீன் கரைசலைச் சேர்த்து முதலில் பெர்ரஸ் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் கரைசல் பழையதாகி வலுவிழந்திருந்ததால், இரும்பின் ஒரு பகுதி கணக்கில் வராமல் போயிருந்தது. புதிதாகத் தயாரித்துச் சேர்த்தபோது 1.98 கிடைத்தது. அன்று அதற்கு முன்பு அளந்திருந்த 6 மாதிரிகளை அவர் மீண்டும் அளந்தார். பழைய முடிவுகளை அழிக்காமல், காரணத்தை எழுதி, புதியவற்றையும் பக்கத்திலேயே குறித்தார்.

இந்தக் கடைசி விவரம்தான் அவரிடம் உள்ள மிகச் சிறந்த சொத்து. தொடக்கத்தில் அதை அவர் சேர்க்கவே இல்லை. ப்ராஜெக்டில் தவறு நேர்ந்ததைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைத்திருந்தார். ஆய்வகத் தலைவரின் பார்வை இதற்கு நேர்மாறானது. சரிபார்ப்புக் கரைசலைத் தவறாமல் அளந்ததும், மாறுபாடு தெரிந்ததும் நிறுத்தியதும், பழைய முடிவை மறைக்காததும் அவர் கற்றுக்கொடுக்க நெடுங்காலம் எடுக்கும் பழக்கங்கள். அவை ஏற்கெனவே இருக்கின்றன என்று இந்தச் சிறு நிகழ்வு காட்டுகிறது.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். எண்களைக் குறிப்பேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதிய எண் நேர்முகத் தேர்வில் அறிக்கையில் உள்ள எண்ணோடு மோதினால், மீதி எல்லாவற்றின் மீதும் ஐயம் விழும். அடுத்து, குழுவாகச் செய்த வேலையில் "நாங்கள்" எங்கே முடிந்து "நான்" எங்கே தொடங்குகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முழு வேலையையும் தமதாக்கிக்கொண்டவரை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சொல்லத்தக்க ப்ராஜெக்ட் இல்லாதவர்கள், பாடத்திட்டத்தில் இருந்த செய்முறைப் பயிற்சி ஒன்றையோ, மாணவர் மன்றத்தின் வரவுசெலவைப் பார்த்துக்கொண்ட ஓராண்டையோ, மற்றவர்கள் பயன்படுத்திய ஒரு சிறு நிரலையோ இதே ஐந்து கேள்விகளால் துருவிப் பார்க்கலாம். குறிப்பேடு, கோப்பு, அறிக்கை என்று ஏதாவது ஒரு தடயம் எஞ்சியிருக்கிற வேலையாக இருப்பது நல்லது. கேட்டால் காட்ட முடியும்.

மூன்றாம் படி: பொருள் வரி

பொருள் வரியில் குறிப்பு எண் முதலில் வர வேண்டும். கைபேசித் திரையிலும் அஞ்சல் பட்டியலிலும் வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும். "மதிப்பிற்குரிய நிறுவனத்தில் வேலைவாய்ப்புக் கோரி" என்று தொடங்கினால், தெரிகிற பகுதியில் ஒரு தகவலும் இருக்காது. எண்ணுக்கு அடுத்துப் பணியின் பெயரை அறிவிப்பில் உள்ள அதே சொற்களில் எழுதுங்கள். பெட்டியில் தேடுபவர் அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேடுவார். பயிற்சியாளர் என்று அறிவித்திருக்கும்போது உதவியாளர் என்று நீங்கள் மாற்றி எழுதினால், தேடலில் உங்கள் மின்னஞ்சல் வராமல் போகலாம். கடைசியில் உங்கள் பெயர். குறிப்பு எண் இல்லாத அறிவிப்பாக இருந்தால், பணியின் பெயரிலிருந்து தொடங்கலாம்.

நான்காம் படி: முதல் பத்தி

விளிப்பில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. படிப்பவரின் பெயர் தெரியாதபோது, "மதிப்பிற்குரிய பணியமர்த்தல் குழுவினருக்கு" என்று எழுதுவது பொருத்தமானது. நிறுவனத்தின் பக்கத்தில் தேடி யாரோ ஒருவருடைய பெயரைப் போடுவதைவிட இதுவே மேல். அந்தப் பெட்டியைப் பார்ப்பவர் அவராக இல்லாமல் இருக்கக்கூடும்.

முதல் பத்தியில் எந்தப் பணி, என்ன படிப்பு, நிபந்தனைகளுக்குச் சம்மதம், எப்போது சேர முடியும் என்ற நான்கும் இருந்தால் போதும். தேர்வு முடிவு இன்னும் வரவில்லையென்றால் அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்: "இறுதிப் பருவத் தேர்வை எழுதியுள்ளேன், முடிவு இந்த மாத இறுதியில் வெளியாகும்." பட்டம் பெற்றுவிட்டதாக எழுதிவிட்டு, சான்றிதழ் கேட்கும்போது விளக்கம் சொல்வது நல்ல தொடக்கமாக இருக்காது.

"எனக்கு முன் அனுபவம் இல்லை என்றாலும்" என்ற தொடரை எந்த வாக்கியத்திலும் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இது உண்மையை மறைப்பது ஆகாது. பயிற்சியாளர் பணிக்குப் புதிய பட்டதாரிகளைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். இவ்வாண்டு படிப்பை முடித்தேன் என்ற வாக்கியமே நிலைமையை நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்பது, உங்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டிய இடத்தை இல்லாததற்குக் கொடுத்துவிடுவதாகும்.

ஐந்தாம் படி: சான்றுப் பத்தியும் குறையைச் சொல்லும் வாக்கியமும்

இரண்டாம் படியில் திரட்டிய விவரங்கள் அனைத்தையும் மின்னஞ்சலில் கொட்டிவிடக் கூடாது. ஆறு அல்லது ஏழு வாக்கியங்களில், வேலை, உங்கள் பங்கு, முறை, அளவு, சிக்கல், தீர்வு என்ற வரிசையில் அமைத்தால் ஒரே மூச்சில் படித்துவிடலாம். துறைச்சொற்களைத் தவிர்க்க வேண்டியதில்லை. இந்தப் பத்தி துறை அறிந்தவருக்கானது. ஆனால் முதல் வாசகரும் இதைக் கடந்துதான் செல்வார் என்பதால், சொற்கள் புரியாவிட்டாலும் இவர் ஒரு தவறைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார் என்பது அவருக்கு விளங்கும்படி வாக்கியங்கள் எளிமையாக இருக்க வேண்டும்.

அடுத்து, அறிவிப்பில் விரும்பத்தக்கது என்று குறிப்பிட்டு உங்களிடம் இல்லாத ஒன்று. நம் பட்டதாரிக்கு அது, கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி. கல்லூரியில் செய்முறை விளக்கத்தைப் பார்த்திருக்கிறார், தாமே இயக்கியதில்லை. "ஹெச்.பி.எல்.சி. பற்றிய அறிவு உண்டு" என்று எழுதினால் மேலோட்டமாகப் பார்க்க உண்மைபோலத் தோன்றும். ஆனால், நேர்முகத் தேர்வில் தலைவர் கேட்கப்போகும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். எதுவரை தெரியும் என்று எல்லையை வகுத்துச் சொல்வதே சரியானது: இயக்கியதில்லை, ஆனால் கருவி தரும் வரைபடத்தில் உச்சிகளின் பரப்பைக் கொண்டு செறிவைக் கணக்கிட்டிருக்கிறேன். அறிவிப்பில் கட்டாயம் என்று சொல்லப்பட்ட ஒன்று இல்லாவிட்டால் நிலைமை வேறு. அந்த இடத்தை எந்த வாக்கியத்தாலும் நிரப்ப முடியாது, வேறு அறிவிப்பைத் தேடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

முழு மின்னஞ்சல்

மேலே சொன்னவற்றை ஒன்றுசேர்த்தால் அவருடைய மின்னஞ்சல் இப்படி அமையும். அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில் எழுத வேண்டும். எந்த மொழியானாலும் அமைப்பு இதுவே.

> பொருள்: QC-07 தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பயிற்சியாளர் – விண்ணப்பம் – (பெயர்)
>
> மதிப்பிற்குரிய பணியமர்த்தல் குழுவினருக்கு,
>
> QC-07 என்ற குறிப்பு எண்ணில் அறிவிக்கப்பட்டுள்ள தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இவ்வாண்டு வேதியியலில் இளநிலைப் பட்டப்படிப்பை முடித்துள்ளேன். ஷிப்டு முறையில் பணியாற்றச் சம்மதிக்கிறேன். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து பணியில் சேர இயலும்.
>
> இறுதியாண்டில் மூவர் கொண்ட குழுவாகக் குடிநீர் மாதிரிகளில் இரும்பின் அளவை ஆராய்ந்தோம். அதில் அளவீடுகளும் பதிவேடும் என் பொறுப்பில் இருந்தன. பினாந்த்ரோலின் முறையில், 510 நானோமீட்டரில், 18 மாதிரிகளை மும்முறை வீதம் அளந்தேன். ஒருநாள், லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்ட வேண்டிய சரிபார்ப்புக் கரைசல் 1.6 காட்டியதால் அளவீட்டை நிறுத்தினேன். ஹைட்ராக்சிலமீன் கரைசல் பழையதாகியிருந்ததே காரணம் என்று தெரிந்தது. புதிய கரைசலைச் சேர்த்தபோது 1.98 கிடைத்தது. அன்று அதற்கு முன்பு அளந்த 6 மாதிரிகளையும் மீண்டும் அளந்து, பழைய முடிவுகளையும் புதிய முடிவுகளையும் காரணத்துடன் பதிவேட்டில் குறித்தேன்.
>
> ஹெச்.பி.எல்.சி. கருவியை நான் தனியாக இயக்கியதில்லை. செய்முறை விளக்கத்தில் பார்த்திருக்கிறேன். அதன் வரைபடத்திலிருந்து உச்சிகளின் பரப்பைக் கொண்டு செறிவைக் கணக்கிட்டிருக்கிறேன்.
>
> என் தன்விவரக் குறிப்பைப் பி.டி.எஃப். வடிவில் இணைத்துள்ளேன். ப்ராஜெக்ட் அறிக்கையைப் பார்க்க விரும்பினால் அனுப்பிவைக்கிறேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர்)
> (கைபேசி எண்)

நிறுவனத்தைப் புகழும் வாக்கியம் இதில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "உலகப் புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில்" என்பது போன்ற தொடரை எந்த நிறுவனத்துக்கும் அப்படியே அனுப்பலாம் என்பதால், அதைப் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை. நிறுவனத்தின் வேலையோடு உங்கள் வேலைக்கு உண்மையான தொடர்பு இருந்தால் ஒரு வாக்கியம் சேர்க்கலாம். எதிர்பார்க்கும் சம்பளம், பிறந்த தேதி, புகைப்படம் ஆகியவற்றை அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் தாருங்கள். பேராசிரியரின் பெயரையும் எண்ணையும் தருவதாக இருந்தால், முன்னதாக அவருடைய சம்மதத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

எழுதி முடித்தபின், பட்டத்தின் பெயரையும் பணியின் பெயரையும் மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். உங்கள் வகுப்பில் உள்ள வேறொருவர் தம் பெயரைப் போட்டு அப்படியே அனுப்பிவிடலாம் என்று தோன்றினால், சான்றுப் பத்தி இன்னும் உருவாகவில்லை என்று பொருள். மீண்டும் குறிப்பேட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஆறாம் படி: இணைப்பு

பல நிறுவனங்களில் வேலைவாய்ப்புப் பெட்டி, விண்ணப்பங்களைச் சேமிக்கும் ஒரு மென்பொருளோடு இணைக்கப்பட்டிருக்கும். அது இணைப்பில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பெயர், படிப்பு, தொடர்பு எண் ஆகியவற்றைத் தனியே பிரித்தெடுக்கும். அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்தோ, கைபேசியில் படம் எடுத்தோ உருவாக்கிய பி.டி.எஃப்., பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே வெறும் படம்தான். சரிபார்ப்பது எளிது: கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வெற்று உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். எழுத்துகள் அப்படியே வந்தால் சரி. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம். தாறுமாறான குறிகள் வந்தால் எழுத்துருவில் சிக்கல். இந்த இரண்டிலும், எழுதிய மென்பொருளிலிருந்தே நேரடியாகப் பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதே மென்பொருள் சில இடங்களில் இணைப்பை மட்டும் பிரிவுத் தலைவருக்குக் காட்டும். மின்னஞ்சலின் உடல் தனிக் குறிப்பாக ஒதுங்கிவிடும். எனவே, சான்றுப் பத்தியின் சாரத்தைத் தன்விவரக் குறிப்பிலும் ப்ராஜெக்ட் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகளில் எழுதிவையுங்கள். எண்கள் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோப்பின் பெயர் resume_final_2.pdf என்று இருந்தால், தரவிறக்கியபின் யாருடையது என்று தெரியாது. QC-07_உங்கள் பெயர்.pdf என்ற அமைப்பில் பெயரிடுங்கள். உங்கள் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் எல்லாக் கணினிகளிலும் சிக்கலின்றித் திறக்கும். அளவு ஒன்று அல்லது இரண்டு எம்.பி.க்குள் இருப்பது நல்லது. ஜிமெயில் 25 எம்.பி. வரை அனுப்ப விட்டாலும், பெறுகிற நிறுவனத்தின் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். தவிர, மின்னஞ்சலில் செல்லும்போது இணைப்பு அதன் அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மதிப்பெண் பட்டியல்களைக் கேட்காதபோது அனுப்ப வேண்டாம். ஜிப் கோப்புகளையும் சுருக்கிய இணைய முகவரிகளையும் தவிருங்கள். அவை அஞ்சலைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளக்கூடும். கூகுள் டிரைவ் இணைப்பு தர நேர்ந்தால், உங்கள் கணக்கில் நுழையாத தனிப்பட்ட உலாவிச் சாளரத்தில் அதைத் திறந்து பாருங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால், அங்கே படிப்பவருக்கும் அதுவே வரும்.

ஏழாம் படி: அனுப்புதல்

வேறொரு மென்பொருளில் எழுதி, மின்னஞ்சலில் ஒட்டும்போது பழைய எழுத்துரு, அளவு, பின்னணி நிறம் ஆகியவையும் உடன் வந்துவிடும். முன்பு வேறு நிறுவனத்துக்கு அனுப்பியதிலிருந்து நகலெடுத்த வாக்கியம் மட்டும் சற்றே வேறு நிறத்தில் நிற்பதைப் பார்த்தால், இது பலருக்கும் அனுப்பப்பட்ட மின்னஞ்சல் என்று படிப்பவருக்கு உடனே புரிந்துவிடும். குரோம் உலாவியில் Ctrl+Shift+V என்று அழுத்தினால் வடிவமைப்பு இல்லாமல் எழுத்து மட்டும் ஒட்டப்படும்.

பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள்; பாதி எழுதிய மின்னஞ்சல் தவறி அழுத்தியதால் சென்றுவிடுவதை இது தடுக்கும். முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, கைபேசியில் திறந்து, அனுப்புநர் பெயர் சரியாக வருகிறதா, இணைப்பு திறக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக் காலத்தில் விளையாட்டாக வைத்த புனைபெயர் அனுப்புநர் பெயராக இன்னும் நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். பிறகு, ஒரு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஒரே பெறுநர் வரியில் பல நிறுவனங்களின் முகவரிகளை அடுக்கினால், ஒவ்வொருவரும் மற்ற எல்லா முகவரிகளையும் பார்ப்பார்கள்.

அனுப்பியபின்

தானியங்கி ஒப்புகை வந்தால், அதில் விண்ணப்ப எண் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முகவரி தவறு என்று அஞ்சல் திரும்பிவந்தால் உடனே சரிசெய்து அனுப்புங்கள். எதுவும் வராவிட்டால், அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியிலிருந்து ஏழு முதல் பத்து வேலைநாள் வரை காத்திருப்பது முறையாகும். அதற்கு முன்பு அவர்கள் விண்ணப்பங்களைப் பிரிக்கவே தொடங்காமல் இருக்கலாம். அதன்பின், புதிய மின்னஞ்சலாக இல்லாமல் முன்பு அனுப்பியதற்கே பதிலாக, இரண்டு வாக்கியங்கள் எழுதலாம்: "QC-07 பணிக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் கீழே உள்ளது. அதன் நிலையைத் தெரிவிக்க இயலுமா என்று அறிய விரும்புகிறேன்." ஒருமுறை கேட்டால் போதும். மீண்டும் மீண்டும் எழுதுவதால் விண்ணப்பம் முன்னுக்கு வருவதில்லை.

அனுப்பிய அன்றே அறிவிப்பின் முழு உரையையும், அனுப்பிய கோப்பையும், தேதியையும் ஒரே கோப்புறையில் சேமித்துவையுங்கள். கடைசித் தேதி கடந்ததும் அறிவிப்பை இணையதளத்திலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும்போது, அவர்கள் எதைக் கேட்டார்கள், நீங்கள் எந்த எண்களைச் சொன்னீர்கள் என்பதைப் பார்க்க அந்தக் கோப்புறை மட்டுமே கையில் இருக்கும், குறிப்பாக ஹெச்.பி.எல்.சி. பற்றி எழுதிய அந்த வாக்கியத்தையும், 1.6 ஏன் வந்தது என்ற விளக்கத்தையும் அன்று வாய்விட்டுச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.